சட்டைப்பையில் ஒரு சீட்டு

பீதி உச்சத்தில் இருக்கும்போது படிக்கவென்று சட்டைப்பையில் சீட்டு வைத்திருப்பவர்கள் பலர், அதில் ‘பயப்படாதே’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் அது எடுபடாது. என் சீட்டில் உடம்பின் கணக்கு மட்டும்தான்: “விரல் மரத்துப்போகிறதா? வேகவேகமாக மூச்சு வாங்கியதில் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்திருக்கிறது, தலைசுற்றலும் அதனால்தான். இழுப்பதைவிட மெதுவாக மூச்சை வெளியே விடு. பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு இறங்கும். மணி பார்.” கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன், கை நடுங்கும்போது பொடி எழுத்து கண்ணில் நிற்பதில்லை. ஆனால் இதயத்தைப் பரிசோதித்து, இது பீதிதான் என்று மருத்துவர் சொன்ன பிறகு எழுதிய சீட்டு இது. முதல்முறையாக நெஞ்சு வலித்தாலோ, வலி வழக்கத்துக்கு மாறாக இருந்தாலோ, சீட்டைத் தேடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.