நிரூபிக்கப்படாததும் பொய்யானதும்

கிறித்துவுக்கு முன் 18ஆம் நூற்றாண்டில் பாபிலோனிய மன்னன் ஹம்முராபி கல்லில் செதுக்கிய சட்டத் தொகுப்பின் முதல் விதியே குற்றம் சாட்டுபவரைப் பற்றியதுதான். ஒருவர்மீது கொலைப்பழி சுமத்திவிட்டு அதை நிரூபிக்க முடியாமல் போனால், பழி சுமத்தியவருக்கு மரண தண்டனை. அவர் தெரிந்தே பொய் சொன்னாரா, உண்மையைச் சொல்லியும் சாட்சி கிடைக்காமல் தவித்தாரா என்று அந்த விதி கேட்கவில்லை. நிரூபிக்காதவர் பொய்யர், அவ்வளவுதான்.

சுமார் இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து, ரோமப் பேரரசில் மார்சியானுஸ் என்ற சட்ட அறிஞர் இந்த முடிச்சை அவிழ்த்தார். குற்றம் சாட்டியவர் அதை மெய்ப்பிக்கத் தவறினார் என்பதாலேயே அவரை அவதூறு சொன்னவராகக் கருதிவிடக் கூடாது என்று அவர் எழுதினார். குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையான பிறகு, சாட்டியவரின் மனத்தில் என்ன இருந்தது என்பதை நீதிபதி தனியாக விசாரிக்க வேண்டும். தீர்ப்பில் வரும் சொல்லையும் அவர் பிரித்துக் காட்டினார். “நீ நிரூபிக்கவில்லை” என்று நீதிபதி சொன்னால் சாட்டியவர் தப்பினார். “நீ அவதூறு செய்தாய்” என்றால் தண்டனைக்கு உள்ளானார். இரண்டும் வேறு வேறு தீர்ப்புகள். பின்னால் ஜஸ்டினியன் தொகுத்த சட்டத் திரட்டில் இந்தப் பகுதி இடம்பெற்றதால் நம் காலம்வரை வந்து சேர்ந்திருக்கிறது.

நம் நாட்டு அலுவலகங்களில் இன்றும் “விசாகா கமிட்டி” என்றே பலர் அழைக்கிற உள்ளகப் புகார்க் குழுக்களின் அறிக்கைகளில், இந்தப் பழைய வேறுபாடு அடிக்கடி காணாமல் போகிறது. புகார் நிற்கவில்லை என்றதும் அலுவலகம் பேசத் தொடங்குகிறது: “அப்படியானால் அந்தப் பெண் பொய்தானே சொல்லியிருக்கிறாள்?” புகாருக்கு உள்ளானவரைப் பற்றியும் அதே வேகத்தில் ஒரு பேச்சு எழும்: “நெருப்பில்லாமல் புகையுமா?” இந்த இரண்டு வாக்கியங்களும் ஒரே தவறிலிருந்து பிறக்கின்றன. தீர்ப்புக்கு இரண்டு கதவுகள்தான் உண்டு, குற்றவாளி அல்லது பொய்யர் என்று நினைப்பதுதான் அந்தத் தவறு. மூன்றாவதாக ஒரு கதவு உண்டு. அதைத் திறந்து வைப்பதில்தான் இரு தரப்பின் பாதுகாப்பும் இருக்கிறது என்பது எங்கள் நிலைப்பாடு.

1997 ஆகஸ்ட் 13 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய விசாகா தீர்ப்பு, பணியிடத்தில் பெண்களுக்குப் பாதுகாப்புத் தரும் நெறிமுறைகளை வகுத்தது. பொய்ப் புகாருக்கு என்ன செய்வது என்பதைப் பற்றி அதில் எதுவும் இல்லை. பின்னர் நாடாளுமன்றத்துக்கு வந்த சட்ட வரைவில் 14ஆம் பிரிவாக அது நுழைந்தது. 2013 ஜனவரியில் அறிக்கை அளித்த நீதிபதி வர்மா குழு, இந்தப் பிரிவு சட்டத்தின் நோக்கத்தையே முறியடிக்கும் என்று கடுமையாக எதிர்த்து, நீக்கச் சொன்னது. நீக்கப்படவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்த சட்டத்தில் பிரிவு நிலைத்தது.

வர்மா குழுவின் அச்சம் வெறும் கற்பனை அல்ல. தனக்கு மேலே இருக்கும் அதிகாரியைப் பற்றிப் புகார் எழுத உட்காரும் ஒரு பெண், அதை நிரூபிக்க முடியாவிட்டால் தன் வேலைக்கே ஆபத்து என்று நினைத்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுவாள். பாலியல் தொல்லை பெரும்பாலும் சாட்சி இல்லாத இடத்தில்தான் நடக்கிறது. ஆனால் அந்தப் பிரிவை முழுதாகப் படித்தால் அதற்குள்ளேயே ஒரு தடுப்பு இருப்பது தெரியும். புகாரை மெய்ப்பிக்க முடியாமல் போனதோ, போதிய ஆதாரம் தராததோ நடவடிக்கைக்குக் காரணமாகாது. தீய நோக்கம் இருந்தது என்பதை உரிய முறைப்படி விசாரித்து நிறுவிய பிறகே நடவடிக்கைக்குப் பரிந்துரை செய்யலாம். மார்சியானுஸ் சொன்னதும் இதுதான். ஹம்முராபியின் விதி அல்ல இது. அப்படி ஆக்கிவிடுவது நாம்தான்.

தீய நோக்கமோ, பொய் என்று தெரிந்தே புகார் கொடுத்ததோ, போலி ஆவணம் தந்ததோ நிறுவப்பட்டால் விளைவு கடுமையானது. நிறுவனத்தின் பணி விதிகளின்படி தண்டனை வரும். அத்தகைய விதி இல்லாத இடங்களில் எழுத்து வடிவில் மன்னிப்பு, எச்சரிக்கை, கண்டனம், பதவி உயர்வோ ஊதிய உயர்வோ நிறுத்தம், வேலைநீக்கம் வரை போகலாம். தொல்லை கொடுத்தவருக்கு விதிகள் வைத்திருக்கும் அதே பட்டியல்தான் இவருக்கும். பொய்ச் சாட்சி சொன்னவர்மீதும் நடவடிக்கைக்கு இடம் உண்டு. இவ்வளவு கனமான தண்டனைக்கு, விசாரணை அறிக்கையின் கடைசிப் பத்தியில் போகிற போக்கில் எழுதப்படும் ஒரு வரி போதாது. உங்கள்மீது தீய நோக்கம் சுமத்தப்படுகிறது, பதில் சொல்லுங்கள் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டிருக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் அவர். இதுவரை எதிர்த் தரப்புக்கு இருந்த உரிமைகள் எல்லாம் இப்போது அவருக்கும் உண்டு.

தில்லி உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் முடித்த ஒரு வழக்கைப் பார்ப்போம். அரசு சார்ந்த அமைப்பு ஒன்றில் பணியாற்றிய பெண், உயரதிகாரி ஒருவர் மற்ற ஊழியர்கள் முன்னிலையில் தன்னை இழிவாகப் பேசினார் என்று 2011இல் புகார் கொடுத்தார். என்ன சொற்கள் என்று புகாரில் எழுதவில்லை. சொல்லக் கூசுவதாகத் தெரிவித்தார். அப்போது யார் யார் இருந்தார்கள் என்பதையும் அவரால் சொல்ல முடியவில்லை. குழு வருகைப் பதிவேட்டை வைத்து அன்று பணியில் இருந்தவர்களைத் தேடி விசாரித்தது. எவரும் அவர் சொன்னதை உறுதிப்படுத்தவில்லை. குழு சந்தேகத்தின் பலனை அதிகாரிக்கு அளித்தது. இருவரையும் வேறிடத்துக்கு மாற்றலாம் என்றும் பரிந்துரைத்தது.

அந்தக் குழு ‘பொய்’ என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. ‘நிரூபணம் இல்லை’ என்ற இடத்திலேயே நின்றது. அந்த முடிவை எதிர்த்து அந்தப் பெண் உயர் நீதிமன்றம் போனார். நீதிமன்றமோ புகார் பொய்யானது என்ற முடிவுக்கு வந்து, மனுவைத் தள்ளி, 50,000 ரூபாய் செலவுத் தொகை விதித்தது. அவர்மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்க நிர்வாகத்துக்கு வழியும் விட்டது. கூசியதால் சொற்களை எழுதாமல் விட்டதும், அருகில் நின்றவர்களின் பெயர் தெரியாமல் போனதும் உண்மையாகப் புகார் கொடுப்பவரிடமும் காணப்படக்கூடியவை. அவை புகாரின் வலுவைக் குறைக்கும் என்பதை ஏற்கலாம். தீய நோக்கத்தை அவற்றிலிருந்து வருவிப்பது, எங்கள் பார்வையில், நீண்ட தாவல்.

அந்த அதிகாரிக்கும் குழு முழு நியாயம் செய்ததாகச் சொல்ல முடியாது. சந்தேகத்தின் பலனை ஒரு கையால் கொடுத்துவிட்டு, மறு கையால் மாறுதல் ஆணைக்குப் பரிந்துரைத்தது. அன்று சட்டம் இன்னும் வந்திருக்கவில்லை. இன்றைய சட்டத்தின் 13ஆம் பிரிவு தெளிவாகப் பேசுகிறது: குற்றச்சாட்டு நிரூபிக்கப்படாவிட்டால் நடவடிக்கை எதுவும் தேவையில்லை என்றே குழு பரிந்துரைக்க வேண்டும். அலுவலகம் ஒரு மாறுதல் ஆணையைத் தண்டனையாகவே வாசிக்கும்.

புகாருக்கு உள்ளானவரின் உரிமைகள் விசாரணை தொடங்கும் முன்பே தொடங்கிவிடுகின்றன. புகாரின் நகல் 7 வேலை நாட்களுக்குள் அவர் கைக்குப் போக வேண்டும். ஆவணங்களோடும் சாட்சிகளின் பெயர்களோடும் பதில் தர அவருக்கு 10 வேலை நாட்கள் உண்டு. குழுத் தலைவர் உட்பட குறைந்தது மூவர் அமர்ந்துதான் விசாரிக்க வேண்டும். தொடர்ந்து மூன்று அமர்வுகளுக்குத் தக்க காரணமின்றி வராவிட்டால் அவர் இல்லாமலேயே முடிக்கலாம். அதற்கும் 15 நாள் முன்னறிவிப்பு எழுத்தில் தர வேண்டும். வழக்கறிஞர் எந்தக் கட்டத்திலும் இரு தரப்புக்கும் இல்லை. புகார் கொடுத்தவரின் பெயரைப் போலவே அவருடைய பெயரையும் வெளியிடக் கூடாது. இந்தக் கடைசி உரிமைதான் எல்லாவற்றிலும் அதிகமாக மீறப்படுகிறது. அறிக்கை வரும் முன்பே வாட்ஸ்அப் குழுவில் பெயர் போய்விடுகிறது. நிரபராதி என்ற அறிக்கை பின்னால் வந்தாலும் அது அதே குழுவில் அதே வேகத்தில் சுற்றுவதில்லை.

குறுக்கு விசாரணையில்தான் பழைய சிக்கல் இருக்கிறது. 1972இல் ராஞ்சியில் ஒரு மருத்துவக் கல்லூரியின் மாணவியர் விடுதிக்குள் இரவில் மாணவர் சிலர் அத்துமீறி நுழைந்தனர். பேராசிரியர்கள் கொண்ட குழு, மாணவியரின் வாக்குமூலங்களை அந்த மாணவர்கள் இல்லாத நேரத்தில் பதிவு செய்தது. மாணவர்கள் நீக்கப்பட்டனர், எதிரில் நிறுத்திக் கேள்வி கேட்க விடவில்லை என்று முறையிட்டனர். 1973இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இயற்கை நீதி எல்லா இடத்திலும் ஒரே உருவில் இருக்க வேண்டியதில்லை என்றது. இன்று பல குழுக்கள் கடைப்பிடிக்கும் வழி அந்தத் தீர்ப்போடு ஒத்துப்போகிறது. புகாருக்கு உள்ளானவர் கேள்விகளை எழுதித் தருகிறார். குழு அவற்றைப் புகாரளித்தவரிடம் கேட்டு, பதிலைப் பதிவு செய்து அவருக்குக் காட்டுகிறது. பெண்ணின் அச்சத்துக்கும் ஆணின் உரிமைக்கும் இந்த வழியில் இடம் இருக்கிறது. ஆனால் எழுதித் தந்த கேள்விகளைக் குழு கேட்காமல் விட்டால், ஏன் விட்டது என்பதைக் குறித்து வைக்க வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாத கோப்புதான் மேல்முறையீட்டில் சரிகிறது.

அவசரமும் ஒரு கோப்பைச் சரித்துவிடும். கோவா பல்கலைக்கழக வழக்கு அப்படிச் சரிந்தது. 2009 மார்ச்சில் துறைத் தலைவர் ஒருவர்மீது மாணவியர் புகார் கொடுத்தனர். மே மாதம் குழுவின் கூட்டங்கள் அடுத்தடுத்து நடந்தன. சிலவற்றுக்கு இடையே ஒரு நாள்தான் இருந்தது. கூடுதல் வாக்குமூலங்கள் அவருக்கு வந்துகொண்டே இருந்தன, பதில் தயாரிக்கப் போதிய நாட்கள் இல்லை. உடல்நலக் காரணம் சொல்லி அவகாசம் கேட்டார். குழு அவர் இல்லாமலேயே தொடர்ந்து, ஜூன் தொடக்கத்தில் குற்றவாளி என்று அறிக்கை தந்தது. 2010 ஜனவரியில் வேலை போயிற்று. வேந்தரிடம் செய்த மேல்முறையீடும் உயர் நீதிமன்ற மனுவும் தோற்றன.

2023 மே 12 அன்று உச்ச நீதிமன்றம் பணிநீக்கத்தை ரத்து செய்தது. அவர் நிரபராதி என்று அது சொல்லவில்லை; மாணவியர் பொய் சொன்னார்கள் என்றும் சொல்லவில்லை. அவசரத்தில் நியாயமான வாய்ப்பு பறிபோனது என்று மட்டும் கண்டு, விசாரணையை 2009 மே 5 அன்று எந்தக் கட்டத்தில் நின்றதோ அங்கிருந்து மீண்டும் நடத்தச் சொல்லிக் குழுவுக்கே திருப்பி அனுப்பியது. இடையில் 14 ஆண்டுகள் போயிருந்தன. புகார் கொடுத்தபோது அந்தப் பெண்கள் மாணவியர். அந்தக் குழு அன்று சில வாரங்கள் கூடுதலாகப் பொறுத்திருந்தால், அவர்கள் அந்த மே மாதத்துக்கு இன்னொரு முறை திரும்பிப் போக வேண்டியிருந்திருக்காது.