மாமியாரை 'உம்மா' என்றழைத்தால் வம்சம் மாறிவிடுமா?



புதுக்கடையில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், மணமாகி வந்த நாள் முதல் மருமகள் தன் மாமியாரை 'உம்மா' என்றே அழைத்து வந்தாள். "பெற்றவளைத் தவிர வேறு எவரையும் அப்படி அழைப்பது மார்க்கத்தில் கூடாது" என்று ஒருவர் அவளிடம் கூறினார். 'உம்மா'விலிருந்து 'மாமி'க்கு இறங்க அவளுக்கு மனம் வரவில்லை. பெயர் சொல்லவோ நம் வழக்கம் இடந்தராது. இப்போது, "இங்கே பாருங்கள்" என்று மட்டும் அழைக்கிறாள். தாம் செய்த பிழை யாதென அறியாமல் அந்த மூதாட்டி கலங்கி நிற்கிறார்.

தடை கூறுவோர் காட்டும் ஆதாரம் அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5ஆம் வசனம்: வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களின் தந்தையரோடு சேர்த்தே அழையுங்கள் என்பது. ஹாரிஸாவின் மகன் ஸைத் (ரலி) அவர்களை மக்கள் 'முஹம்மதின் மகன் ஸைத்' என்று அழைத்து வந்தனர். அதையே இவ்வசனம் மாற்றியது. அது விலக்கியது வம்சத்தை மாற்றிச் சொல்வதையே. மாமியாரை 'உம்மா' என்பவள், தன்னைப் பெற்றவள் அவர் என்று எவரிடமும் வாதிடுவதில்லையே!

அடுத்த வசனத்தையும் ஓதிப் பாருங்கள். நபி (ஸல்) அவர்களின் மனைவியர் இறைநம்பிக்கையாளர்களின் அன்னையர் என்கிறது 6ஆம் வசனம். பெறாதவரையும் தாய் என்பது வம்சக் கலப்பாயின், அடுத்தடுத்த இரு வசனங்கள் முரண்படுமா? பத்ருப் போரில் அன்ஸாரி இளைஞர் இருவர், குறைஷியரான அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களை, இரத்த உறவு இல்லாதிருந்தும், தந்தையின் உடன்பிறந்தாருக்குரிய சொல்லால் விளித்ததை ஸஹீஹுல் புகாரி பதிவு செய்கிறது. நம் வழக்கில் அது 'சாச்சா'. வயதில் மூத்தவரைப் பெயரால் அழையாமல் முறை சொல்லி அழைத்த ஒழுக்கம் அது.

ஆயினும் முறைச்சொல்லுக்கு ஓர் எல்லை உண்டு. அது மரியாதையைத் தரும். மஹ்ரம் என்னும் நிலையைத் தராது. அன்னையர் என்றழைக்கப்பட்டோரிடமே திரைக்கு அப்பாலிருந்து கேட்குமாறு அதே அத்தியாயத்தின் 53ஆம் வசனம் பணிக்கிறது. காக்காவின் மனைவியை 'மைனி' என்று எத்துணைப் பணிவோடு அழைத்தாலும் அவர் மஹ்ரம் ஆகமாட்டார். கணவனின் உடன்பிறந்தான் தனித்திருக்கும் பெண்ணிடம் செல்வதை மரணத்துக்கு ஒப்பாக நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். 'உம்மா'வைத் தடுத்தவர்கள், மைனியின் அடுக்களையில் மணிக்கணக்கில் அமர்ந்து கதைப்பதை ஏன் தடுப்பதில்லை?

சகோதரியே, 'மாமி' என்பதும் நல்ல சொல்லே. தொடக்கம் முதல் அவ்வாறு அழைப்போர் அப்படியே அழைக்கலாம். ஆனால் 'உம்மா' என்று அழைத்துப் பழகிய நாவை, மார்க்கத்தின் பெயரால் எவரும் கட்டிவிட வேண்டாம். இன்று மாலையே அந்த மூதாட்டியை முன்போல் அழையுங்கள்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.