புழுவைத் தேடினால் பேச்சு கிடைக்குமா?
தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடுவோருக்குத் தலைப்பு வைப்பது எப்படி?

தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளம் தாலுகாவில் இருக்கிறது குளத்தூர். கரிசல் பூமி. மழையை நம்பிய மானாவாரி வெள்ளாமை. ஐப்பசி மழைக்கு மக்காச்சோளம் விதைத்த விவசாயி ஒருவர் காலையில் காட்டுக்குப் போகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். இலையெல்லாம் ஓட்டை. குருத்தில் மரத்தூள் போலப் புழுவின் எச்சம். வீட்டுக்கு வந்ததும் செல்போனை எடுக்கிறார்.

முன்பு என்றால் வானொலிப் பெட்டி இருந்தது. சாயங்காலம் குறித்த நேரத்தில் திருப்பி வைத்தால் வேளாண் பேச்சு தானாக வந்தது. அதற்குத் தலைப்பு என்ன என்று யாரும் கேட்டதில்லை. இப்போது அப்படி இல்லை. பேச்சு யூடியூப்பில் கிடக்கிறது. கேட்கிறவர்தான் தேடி எடுக்க வேண்டும்.

எப்படித் தேடுகிறார்?

அவர் "மக்காச்சோளம் புழு எப்ப மருந்து அடிக்கணும்" என்று செல்போனிடம் வாய் திறந்து கேட்கிறார். செல்போன் அதைத் தமிழ் எழுத்தில் எழுதித் தேடுகிறது. கோவில்பட்டிக் கல்லூரியில் படிக்கும் அவர் மகன் "makkacholam puzhu" என்று ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறான். வேளாண்மை படிக்கும் மகளோ பாடப் புத்தகத்தில் உள்ளபடி "fall armyworm maize" என்று தேடுகிறாள்.

மூன்று பேருக்கும் வேண்டியது ஒரே பேச்சு. ஆனால் அந்தப் பேச்சின் தலைப்பு "பயிர்ப் பாதுகாப்புச் சிறப்புரை - பகுதி 3" என்று இருந்தால் என்ன ஆகும்? மூன்று பேர் கண்ணிலும் படாது. புழு என்ற சொல்லே அதில் இல்லையே!

அமெரிக்கக் கண்டத்தைப் பூர்வீகமாகக் கொண்ட இந்தப் படைப்புழு, 2018 மே மாதம் கர்நாடகத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அதே ஆண்டில் தமிழ்நாட்டுக்கும் வந்து விட்டது. முட்டையிலிருந்து வெளிவந்த புழு இரண்டு, மூன்று வாரம் தின்று தீர்க்கும். பெரிதாகிக் குருத்துக்குள் புகுந்து கொண்டால் மேலே தெளிக்கும் மருந்து அதன் மேல் சரியாகப் படாது. ஆகவே பேச்சு இன்றைக்குக் கிடைப்பதற்கும் பத்து நாள் கழித்துக் கிடைப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

இயந்திரத்துக்குத் தெரியாதா?

"மக்காச்சோளமும் maize என்பதும் ஒன்றுதான் என்று யூடியூப்புக்குத் தெரியாதா?" என்று சிலர் கேட்கலாம். ஓரளவு தெரியும். சில நேரம் அதுவே இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறது. பல ஆயிரம் பேர் பார்த்த பேச்சாக இருந்தால் தலைப்பு சுமாராக இருந்தாலும் மேலே வந்து விடும். நூறு பேர் மட்டும் பார்த்த உள்ளூர்ப் பேச்சுக்கு அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது. தேடிய சொல்லுக்குத் தலைப்பும் விளக்கக் குறிப்பும் பேச்சின் பொருளும் எவ்வளவு பொருந்துகின்றன என்றுதான் அது முதலில் பார்க்கிறது.

தமிழுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. நம் மொழியில் சொல் வேற்றுமை ஏறும்போது உருவம் மாறுகிறது. "மக்காச்சோளத்தைத் தாக்கும் புழுக்களைக் கட்டுப்படுத்துதல்" என்று ஒரு தலைப்பு வைத்தால் இலக்கணம் சரிதான். ஆனால் அதில் "மக்காச்சோளம்" என்ற சொல் எங்கே? "மக்காச்சோளத்தை" என்பதுதான் இருக்கிறது. "புழு"வும் "புழுக்களை" ஆகி விட்டது. இயந்திரம் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கலாம், பார்க்காமலும் போகலாம். எதற்கு வம்பு? முக்கியமான சொற்களை வேற்றுமை உருபு இல்லாமல், மனிதர் தட்டுகிற அதே உருவத்தில், தலைப்பின் தொடக்கத்தில் வைத்து விடுவதே நல்லது.

அடுத்தது பேச்சு வழக்கு. அதிகாரி "பூச்சிக்கொல்லி தெளித்தல்" என்று எழுதுவார். கரிசல்காட்டு விவசாயி "மருந்து அடிக்கணும்" என்றுதான் சொல்வார். வாயால் கேட்டுத் தேடும் காலம் இது. அவர் வாயில் வருவது எதுவோ அதுதான் தேடல் பெட்டியில் விழுகிறது. பேச்சுத் தமிழைத் தலைப்பில் எழுதினால் மரியாதை குறைந்து விடும் என்று சில படித்தவர்கள் நினைக்கிறார்கள். குறைவது மரியாதை அல்ல. கேட்கிறவர்கள்தான், அதுவும் எழுதாமல் விட்டால்!

நூறு இடம், ஐம்பது எழுத்து

யூடியூப் ஒரு தலைப்புக்கு 100 இடம் தருகிறது. இங்கேதான் தமிழருக்கு ஒரு நஷ்டம். நாம் "கா" என்பதை ஒரு எழுத்து என்கிறோம். கணினியோ "க" ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாக எண்ணுகிறது. புள்ளி வைத்த "ம்" கூட அதற்கு இரண்டுதான். "மக்காச்சோளம்" நமக்கு 7 எழுத்து. கணினிக்கு 12. ஆகவே தமிழில் 100 இடம் என்பது நம் கணக்கில் ஐம்பது, அறுபது எழுத்துதான். அதற்குள் ஆங்கிலத்துக்கும் பங்கு கொடுக்க வேண்டும்.

சரி, நமது குளத்தூர்ப் பேச்சுக்குத் தலைப்பு வைத்துப் பார்ப்போம்.

மக்காச்சோளம் படைப்புழு: எப்ப மருந்து அடிக்கணும்? | Fall Armyworm Maize in Tamil | makkacholam puzhu

கணினிக் கணக்கில் இது 99. இடம் சரியாகப் போய் விட்டது. தமிழ்ப் பகுதியில் நமக்குத் தெரிவது 25 எழுத்து. அது கணினிக்கு 42 ஆகிறது. இடைவெளியும் குறிகளும் சேர்ந்தால் 48.

ஏன் தமிழ் முதலில்? செல்போன் திரையில் நீண்ட தலைப்பின் வால் வெட்டுப்படுகிறது. தேடும் பட்டியலில் முதல் இரண்டு வரிதான் கண்ணுக்குத் தெரியும். இது விவசாயிக்கான பேச்சு. அவர் படிக்க வேண்டியது முன்னே இருக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ் கடைசியில் இருக்கிறது. அது வெட்டுப்பட்டாலும் கவலை இல்லை. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தேடலுக்கு அது உதவும்.

"in Tamil" என்று இரண்டு சொல்லை வீணடித்தது ஏன் என்று கேட்கலாம். வீணல்ல. "Fall Armyworm" என்று மட்டும் போட்டால் தமிழ் தெரியாத வெளிமாநிலத்து மாணவரும் வந்து திறப்பார். தமிழில் பேசுவதைக் கேட்டதும் பத்து விநாடியில் மூடி விடுவார். திறந்தவர்கள் உடனே ஓடினால், "இது தேடியவருக்கு உதவாத பேச்சு" என்று யூடியூப் கீழே தள்ளும் அபாயம் உண்டு. தவிர, படித்த தமிழ்ப் பிள்ளைகள் பலரும் ஆங்கிலச் சொல்லோடு "in Tamil" சேர்த்துத்தான் தேடுகிறார்கள்.

ஆங்கிலத் தலைப்பைத் தனியே எழுதி வைக்கவும் யூடியூப்பில் வசதி இருக்கிறது. பார்ப்பவர் மொழிக்கு ஏற்ற தலைப்பை அது காட்டும். நல்ல வசதிதான். ஆனால் நம் ஊரில் ஒரு சிக்கல். கடைக்காரர் விற்கும்போது செல்போனை ஆங்கிலத்தில் அமைத்துக் கொடுத்திருப்பார். விவசாயி அதை மாற்றியிருக்க மாட்டார். அவரை ஆங்கிலக்காரர் என்று நினைத்து ஆங்கிலத் தலைப்பைக் காட்டி விடக் கூடும்! ஆகையால் இந்த வசதியைப் பயன்படுத்தினாலும், அந்த ஆங்கிலத் தலைப்பிலும் தமிழ்ச் சொல் இரண்டை விட்டு வைக்க வேண்டும்.

எந்தக் குளத்தூர்?

தலைப்பில் ஊர்ப் பெயரைக் காணோமே என்று குளத்தூர்க்காரர்கள் கோபிக்கக் கூடாது. புதுக்கோட்டை மாவட்டத்தில் குளத்தூர் என்று ஒரு தாலுகாவே இருக்கிறது. சென்னையில் கொளத்தூர். மேட்டூர்ப் பக்கம் ஒரு கொளத்தூர். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு எழுத்துதான் வித்தியாசம். வெறுமனே "Kulathur" என்று போட்டால் யாருக்கும் பயன் இல்லை. விளக்கக் குறிப்பில் "குளத்தூர், விளாத்திகுளம், தூத்துக்குடி மாவட்டம்" என்று மூன்றையும் சேர்த்து எழுத வேண்டும். ஆங்கிலத்திலும் ஒரு முறை எழுத வேண்டும்.

அதிலும் தொல்லை. தூத்துக்குடியை Thoothukudi என்று எழுதுபவரும் உண்டு. பழைய பழக்கத்தில் Tuticorin என்று எழுதுபவரும் உண்டு. கோவில்பட்டிக்கு Kovilpatti, Koilpatti என்று இரண்டு. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி அறிவித்தது. ஆட்சேபம் வந்ததும் சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. அரசாங்கத்துக்கே ஒரு முடிவுக்கு வரக் கஷ்டமாக இருக்கும்போது, தேடுகிறவர் ஒரே மாதிரி எழுதுவார் என்று எப்படி எதிர்பார்ப்பது?

ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதினாலும் இதே கதைதான். makkacholam, makka solam, makkasolam என்று மூன்று விதம். நம் "ழ" படும் பாட்டைச் சொல்ல வேண்டாம். Puzhu என்பார் ஒருவர், pulu என்பார் இன்னொருவர். எல்லாவற்றையும் தலைப்பில் அடுக்கினால் அது தலைப்பாக இராது, சந்தைக் கூச்சலாக இருக்கும். ஒன்றை மட்டும் தலைப்பில் வைத்துக் கொண்டு, மற்ற ஒன்றிரண்டை விளக்கக் குறிப்பில் வாக்கியத்தோடு சேர்த்து எழுதலாம். ஒரே சொல்லை வரிசை வரிசையாகக் குவிப்பதை யூடியூப்பின் விதியே தடுக்கிறது. அப்படிச் செய்தால் பேச்சையே எடுத்து விடவும் கூடும்.

எந்த எழுத்தைத் தேர்ந்தெடுப்பது?

ஊகிக்க வேண்டாம். தேடல் பெட்டியில் "makka" என்று மட்டும் தட்டி நிறுத்துங்கள். மற்றவர்கள் தேடிய சொற்களைக் கீழே அதுவே காட்டும். ஆனால் நீங்கள் முன்பு தேடியவையும் அதில் கலந்து விடும். அதனால் கணக்கில் நுழையாமல், மறைவுச் சாளரத்தில் பார்க்க வேண்டும். பிறகு "மக்கா" என்று தமிழிலும் பாருங்கள். இரண்டு பட்டியலும் ஒன்றாக இராது. அந்த வித்தியாசம்தான் உங்களுக்கு வேண்டிய செய்தி.

பேச்சைப் போட்டு ஒரு மாதம் ஆனதும் யூடியூப் ஸ்டுடியோவைத் திறந்து, பார்வையாளர் எங்கிருந்து வந்தார்கள் என்ற பகுதியில் "YouTube search" என்பதை அழுத்துங்கள். என்ன சொல் தட்டி வந்தார்கள் என்று வரிசையாக வரும். பட்டியலில் ஆங்கிலச் சொல் மட்டும் இருந்தால் தமிழ்ப் பாதியில் பழுது. தமிழ் மட்டும் இருந்தால் ஆங்கிலப் பாதியில் பழுது. தலைப்பு பலர் கண்ணில் பட்டும் யாரும் திறக்கவில்லை என்றால், சொல் சரி. அவர்கள் கேட்ட கேள்வி தலைப்பில் இல்லை என்று பொருள்.

நீங்கள் நினைத்தே பார்க்காத சொல்லும் பட்டியலில் இருக்கலாம். "குருத்துப் புழு" என்று ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். தலைப்பை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். பேச்சை மீண்டும் ஏற்ற வேண்டியதில்லை. "படைப்புழு" என்பதை எடுத்து விட்டு "குருத்துப் புழு" போடுவதா, அல்லது அதை விளக்கக் குறிப்பில் முதல் வரியாக வைப்பதா என்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு மாற்றம் செய்து விட்டு இன்னும் ஒரு மாதம் விட்டுப் பிடியுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. ஆனால் அடுத்த ஐப்பசி விதைப்புக்கு முன் அதை முடித்து விட வேண்டும். புழு அதுவரை காத்திருக்காது.