வேலைக் கடிதம் வந்தால் ‘ஓம்’ என்பதற்கு முன்

நம் தோட்டங்களில் உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்கு இப்போது வேலை போனில் வருகிறது. பெரிய கங்காணியும் இல்லை, துரையின் பங்களா வாசலும் இல்லை. ஒரு மின்னஞ்சல், அவ்வளவுதான். பதவி, சம்பளம், சேர வேண்டிய நாள், எந்த நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பவை அதில் இருக்கும். கண்டியிலிருந்து அம்பிட்டிய, தலாத்துஓயா வழியாக ஹேவாஹெட்ட போகும் பாதையோரத் தோட்டங்களிலிருந்து இப்படிப்பட்ட கடிதங்கள் சங்கத்துக்கு வருகின்றன. பெரும்பாலும் பதில் அனுப்பிய பிறகுதான் வருகின்றன. அதுதான் எங்கள் மனக்குறை.

அண்மையில் ஒரு மகள் பதில் அனுப்பும் முன்பே கொண்டுவந்தாள். அம்மா கொழுந்தெடுப்பவர், அப்பா இல்லை. கண்டி நகரில் ஒரு கம்பனி அனுப்பிய கடிதம் அது. கணக்குப் பிரிவில் பயிலுநர் உதவியாளர் வேலை. மாதம் 45,000 ரூபா. முதலாந் திகதி சேர வேண்டும். திங்கள் முதல் சனி வரை காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை வேலை. வெள்ளி மாலை நான்கு மணிக்குள் பதில் வராவிட்டால் இடம் வேறொருவருக்குப் போகும். அவள் சங்கத்துக்கு வந்தது புதன் பின்னேரம். “நாப்பத்தஞ்சாயிரம் மாஸ்டர், யோசிக்க என்ன இருக்கு?” என்றார் அம்மா.

அந்த 45,000 எப்படி வருகிறது என்று கடிதத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. அடிப்படைச் சம்பளம் 30,000. பயணப்படி 8,000. வருகைப்படி 7,000, ஒரு நாளும் லீவு எடுக்காவிட்டால் மட்டும். இந்த விளையாட்டு நமக்குப் புதிதல்ல. 2016 கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 730 என்று மேடையில் முழங்கினார்களே, நினைவிருக்கும். அதில் அடிப்படை 500தான். 60 வருகைக்கு, 140 எடுக்கும் கொழுந்துக்கு, 30 விலைப்பங்கு. வருகையும் கிலோவும் குறைந்தால் 730 காகிதத்தோடு நின்றுவிடும். அன்று அம்மாவுக்குச் செய்த கணக்கைத்தான் இன்று மகளுக்கும் செய்திருக்கிறார்கள்.

30,000 என்ற எண்ணும் தற்செயலானதல்ல. 2026 ஜனவரி முதல் நாட்டின் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் அதுவே. சட்டம் எங்கே நிற்கிறதோ அங்கேயே அடிப்படையை நிறுத்திவிட்டு, மீதியைப் படி என்ற பெயரில் அடுக்கியிருக்கிறார்கள்.

அதனால் என்ன நட்டம் என்று அம்மாவுக்குக் காட்ட, நாங்கள் ஒரு தாளில் எழுதினோம். ஊழியர் சேமலாப நிதிக்கு அவள் சம்பளத்திலிருந்து 8 வீதம் போகும், கம்பனி 12 வீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குக் கம்பனி இன்னும் 3 வீதம் தர வேண்டும். 30,000க்குக் கம்பனி தருவது மாதம் 4,500 ரூபா. முழு 45,000மும் அடிப்படையாக இருந்தால் அது 6,750. வித்தியாசம் மாதம் 2,250, வருடத்துக்கு 27,000. கையில் வருவதையும் பார்த்தோம். அவளுடைய 8 வீதமான 2,400 கழித்து 42,600. காய்ச்சல் என்று ஒரு நாள் நின்றாலோ வருகைப்படி போய்விடும், மிச்சம் 35,600. கண்டியில் போர்டிங் காசைக் கட்டப்போவது இந்தத் தொகையில்தான், 45,000இல் அல்ல.

அடுத்தது நேரம். கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்பவர்களுக்கு 1954இன் சட்டம் இருக்கிறது. சாப்பாட்டு நேரம் நீங்கலாக நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45, அதோடு வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை. கடிதத்தில் இருந்தபடி ஆறு நாளும் எட்டு மணித்தியாலம் என்றால் 48 வருகிறது. ஐந்து நாள் முழுவதும் வேலை செய்தாலே 40. சனிக்கு மிச்சம் 5 மணித்தியாலம்தான்.

‘பயிலுநர்’ என்ற சொல்லைத்தான் நாங்கள் அதிகம் சந்தேகித்தோம். ஆறு மாதம் பயிற்சி, அதன்பிறகுதான் சேமலாப நிதி என்று சொல்லும் இடங்கள் ஏராளம். அது பிழை. பயிலுநரோ, தற்காலிகமோ, நிரந்தரமோ, சேர்ந்த முதல் நாளிலிருந்தே நிதி கட்ட வேண்டும். ஆகவே சேரும் திகதி வெறும் திகதியல்ல. சேமலாப நிதியும் சேவைக்காலமும் எண்ணத் தொடங்கும் நாள் அது. “சும்மா ஒரு கிழமை வந்து பழகுங்கள், பிறகு கடிதத்தில் உள்ள திகதியில் சேருங்கள்” என்று போனில் சொன்னால், அந்தக் கிழமை யாருடைய கணக்கில் என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

கடைசி வரியில் இன்னொன்று இருந்தது: சேரும் நாளில் சான்றிதழ்களின் மூலப்பிரதியை ஒப்படைக்க வேண்டும். பழைய ஆட்களுக்குத் துண்டு முறை பற்றித் தெரியும். தோட்டம் மாற நினைக்கும் தொழிலாளி, தன் கடன் எழுதிய துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. 1921இல்தான் அது ஒழிந்தது. சான்றிதழைப் பூட்டி வைப்பதை நாங்கள் அதன் பேரப்பிள்ளை என்றே சொல்லுவோம். மூலப்பிரதியைக் காட்டலாம், போட்டோப்பிரதியைக் கொடுக்கலாம், விட்டுவிட்டு வரக்கூடாது.

இனி அந்த வெள்ளிக்கிழமை. கெடு வைப்பது முதலாளியின் உரிமை. அது தாண்டினால் அழைப்பு செத்துவிடும், வழக்குப் பேச இடமில்லை. ஆனால் கெடுவுக்குள் கேள்வி கேட்கத் தடையில்லை. இதில் வார்த்தை முக்கியம். “சனி அரைநாள் என்றால் வேலையை ஏற்கிறேன்” என்று எழுதினால் அது ஏற்பு ஆகாது. நீங்கள் வேறொரு பேரம் வைத்ததாகி, பழைய அழைப்பே கைநழுவலாம். ஏற்பையும் கேள்வியையும் கலக்காமல், முதலில் கேள்வியை மட்டும் அனுப்ப வேண்டும். போனில் கேட்டதற்குச் சாட்சியில்லை. மின்னஞ்சலுக்கு உண்டு, 2006இன் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டப்படி மின்னஞ்சலில் செய்த உடன்படிக்கையும் உடன்படிக்கையே. அதே காரணத்தால் அவசரத்தில் அனுப்பிய ‘ஓம்’ கூட உங்களைக் கட்டும்.

அன்றிரவே அவள் அனுப்பியது இது:

“உங்கள் கடிதம் கிடைத்தது, நன்றி. இந்த வேலையில் எனக்கு விருப்பம் உண்டு. பதில் தருமுன் மூன்று விடயங்களை அறிய விரும்புகிறேன். சேமலாப நிதி முதல் நாளிலிருந்து கட்டப்படுமா? சனிக்கிழமை வேலை எத்தனை மணிக்கு முடியும்? சான்றிதழ்களின் பிரதிகளைத் தந்தால் போதுமா? உங்கள் பதில் வெள்ளி நண்பகலுக்குள் கிடைத்தால், சொன்ன நேரத்துக்குள் என் முடிவை அறிவிப்பேன்.”

அம்மாவுக்குப் பயம். கேள்வி கேட்டால் வேலை போய்விடும் என்று வியாழன் முழுவதும் மலையில் புலம்பினாராம். வெள்ளி காலை பதில் வந்தது. நிதி முதல் நாளிலிருந்து, சனி ஒரு மணி வரை, பிரதிகள் போதும். அடிப்படைச் சம்பளத்தில் மட்டும் ஒரு ரூபாவும் கூட்டவில்லை. கேட்டிருந்தாலும் கூட்டியிருப்பார்கள் என்று நாங்கள் சொல்லமாட்டோம். அது தனியாளாக ஒரு மின்னஞ்சலில் வெல்லும் விடயமல்ல. இரண்டு மணிக்கு அவள் ஏற்புக் கடிதம் அனுப்பினாள்.

இந்த மின்னஞ்சல் நியமனக் கடிதம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பதவி, அடிப்படைச் சம்பளம், படிகள், வேலை நேரம், விடுமுறை, மேலதிக நேரக் கொடுப்பனவு, சேமலாப நிதி ஆகியவற்றை எழுதிய கடிதத்தை, வேலைக்குச் சேரும் நாளிலேயே முதலாளி தர வேண்டும் என்று அதே 1954 சட்டம் சொல்கிறது. தராவிட்டால் கண்டி தொழில் காரியாலயத்தில் முறையிடலாம். முறையிடப் போகும்போது முதல் மின்னஞ்சலும் கேள்வியும் பதிலும் கையில் இருக்க வேண்டும். போன் தொலைந்தால் எல்லாம் போகும். கடையில் அச்செடுத்து வீட்டில் வையுங்கள், ஒரு பிரதியைச் சங்கத்தில் தாருங்கள்.

அந்த மகளின் கடிதத்தைக் கோப்பில் போடும்போது அம்மா கேட்டார்: “எனக்கு இப்பிடி ஒரு கடுதாசி இருக்கா மாஸ்டர்?” இல்லை. இத்தனை வருடம் செக்ரோலில் பேர் மட்டும். இப்போது கைக்காசுக்கு எடுப்பவர்களுக்கு அந்தப் பேரும் இல்லை. அடுத்த மாதக் கிளைக் கூட்டத்தில் இதைத்தான் முதல் விடயமாக எடுக்கக் கேட்டிருக்கிறோம்.