தம்பிக்கு எந்தப் படம் போடுறது?

சோதனை கிட்ட வரேக்க படிக்க மனமில்லாமல் இருக்கிற பிள்ளைக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் படம் போட்டுக் காட்டினால் சரியாகிடும் எண்டு எங்கட வீடுகளில் ஒரு நம்பிக்கை இருக்கு. நானும் நம்பினேன். சித்தியின் மகனுக்கு சாதாரண தரப் பரீட்சை வருகிறது. தவணைச் சோதனையில் கணிதத்துக்கு 28 புள்ளி வந்த நாளில் இருந்து அவன் அந்தக் கொப்பியைத் திறக்கவே இல்லை. "நீதானே படம் படம் எண்டு திரியிறனி, ஒண்டைப் போட்டுக் காட்டு" என்று சித்தி பொறுப்பை என்னிடம் தந்துவிட்டா.

முதலில் 'கனா' போட்டேன். எனக்குப் பிடித்த படம். விவசாயியின் மகள் கௌசல்யா எல்லாத் தடையையும் தாண்டி இந்திய அணிக்கு விளையாடி வெல்கிறாள். தம்பி கடைசி வரை பார்த்தான், கண்ணும் கலங்கினான். பிறகு சொன்னான், "அவளுக்குச் சின்ன வயசிலயே என்ன வேணும் எண்டு தெரியும் அக்கா. எனக்கு ஒண்டும் தெரியாதே."

என் பிழை அங்கேதான் விளங்கியது. 'கனா', 'இறுதிச்சுற்று' மாதிரிப் படங்கள் ஏற்கனவே திறமையும் ஆசையும் உள்ள ஒருவரைப் பற்றியவை. அவர்களைத் தடுப்பது வெளியில் இருக்கிற ஏதோ ஒன்று. தம்பியைத் தடுப்பது வெளியில் இல்லை. 28 எடுத்தவனிடம் எல்லோரும் ஏ எடு, ஏ எடு என்கிறார்கள். அவனுக்கு அந்தத் தூரம் கண்ணுக்கே எட்டவில்லை, அதனால் நடக்கவே தொடங்கவில்லை. அவனுக்கு வெற்றிப் படம் காட்டினால் தூரம் இன்னும் கூடத்தான் செய்யும்.

அடுத்த கிழமை 'ரொக்கி' போட்டேன். 1976இல் வந்த முதலாவது படம். ரொக்கி வெல்வான் என்றுதான் முக்கால்வாசிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், ஏனென்றால் படிக்கட்டில் ஏறிக் கையைத் தூக்கிற காட்சியை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். உண்மையில் அவன் புள்ளிகளில் தோற்கிறான்.

எனக்கு முக்கியமான காட்சி சண்டைக்கு முதல் நாள் இரவு வருவது. ரொக்கி தனியாக அரங்கத்துக்குப் போய் தன் பெரிய படத்தைப் பார்க்கிறான். அதில் அவன் போடுகிற காற்சட்டையின் நிறம் பிழை. சொன்னால், ஏற்பாட்டாளர் அது ஒரு விசயமே இல்லை என்கிறார். வீட்டுக்கு வந்து ஏட்ரியனிடம் தன்னால் வெல்ல ஏலாது என்று ஒத்துக்கொள்கிறான். சம்பியன் அப்பலோ கிரீட்டுடன் 15 சுற்றும் நின்றுபிடித்தால் போதும், அதுவரை யாரும் அப்படி நின்றதில்லை, அதுதான் தன் கணக்கு என்கிறான். அந்த இரவில் அவன் இலக்கைத் தன் கைக்கு எட்டுகிற இடத்துக்கு இறக்கி வைக்கிறான். கடைசியில் தீர்ப்பு வாசிக்கப்படும்போது நமக்கே சரியாகக் கேட்காது, அவன் ஏட்ரியனின் பெயரைக் கத்திக்கொண்டிருப்பான். இயக்குநருக்கும் தீர்ப்பு பெரிசாகப் படவில்லை.

இன்னொன்று, அந்தப் படிக்கட்டு. முதல் நாள் இருட்டோடு ஓடிப் போய் அதில் ஏறும்போது அவனுக்கு விலா பிடித்து மூச்சு வாங்கும். பிறகுதான் பாட்டும் பயிற்சியும் வருகிறது. வேறு படங்கள் பாட்டை மட்டும் காட்டும். மூன்று நிமிசத்தில் மாதக்கணக்கான பயிற்சி முடிந்துவிடும். அதைப் பார்த்த இரவு பிள்ளைக்கு ரத்தம் சூடாகும், விடியக் கொப்பியைத் திறந்தால் அதே திரிகோண கணிதம். இதில் அந்த மோசமான முதல் காலையும் இருக்கிறது.

குறையும் இருக்கு. படம் மெதுவானது, சண்டைக்கான அழைப்பு வரவே நிறைய நேரம் போகும், தம்பி இரண்டு தரம் ஃபோனை எடுத்தான். ரொக்கி ஏட்ரியனை வீட்டை விட்டுப் போகவிடாமல் கதவில் நிற்கிற காட்சி எனக்கு இன்றைக்கும் பிடிக்காது, அதை அவனிடம் சொன்னேன். ஆனால் "பாத்தியா, நீயும் இப்படி வரவேணும்" என்று மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் படம் ரியூசன் ஆகிவிடும்.

'சிச்சோரே'யும் நல்ல படம்தான், தோற்கிற அணியைப் பற்றியது. ஆனால் அது நுழைவுப் பரீட்சையில் தவறிய மாணவன் உயிரை விடப் பார்ப்பதோடு தொடங்குகிறது. சோதனைக்கு முன் மனம் சோர்ந்த பிள்ளைக்கு நான் அதைப் போட மாட்டேன். பிள்ளை நித்திரை, சாப்பாடு, நண்பர்கள் எல்லாவற்றையும் விட்டு ஒதுங்கியிருந்தால் எந்தப் படமும் வேண்டாம், முதலில் இருந்து கதைக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்துத் தம்பியே கேட்டான், "அக்கா, கணிதத்தில 15 ரவுண்ட் எண்டா என்ன?" யோசித்தோம். இரண்டாம் வினாத்தாள் 3 மணித்தியாலம், 10 கேள்வி செய்ய வேண்டும். அவன் வழக்கமாக ஒரு மணித்தியாலத்தில் பேனையை மூடிவிடுகிறவன். ஏ, பி எல்லாம் இருக்கட்டும், சாதாரண சித்திக்கு 35 புள்ளி போதும். ஆகவே முழு 3 மணித்தியாலமும் கதிரையில் இருப்பது, 10 கேள்வியிலும் தெரிந்த படி ஒன்றையாவது எழுதுவது. இதுதான் ஒப்பந்தம்.

முதல் சனிக்கிழமை ஒன்றே முக்கால் மணித்தியாலத்தில் எழும்பிவிட்டான். அடுத்த சனி இரண்டரை. போன சனி முழுவதும் இருந்தான், 31 புள்ளி வந்தது, மூன்று கேள்விகளில் வெறும் முதல் வரி மட்டும். சித்திக்கு அந்த 31இல் சந்தோசம் இல்லை. அவன் விடைத்தாளை என்னிடம் நீட்டி, கடைசிப் பக்கத்தில் எழுதி முடித்த நேரத்தைக் காட்டினான்.