தண்ணியா இருந்தா ஈஸியா இறங்குமா?

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் வரல. இன்னொரு காரணம் எங்க அப்பத்தா. வயசு 81. பக்கவாதம் வந்து பிழைச்சு வீட்டுக்கு வந்தாங்க. வந்த மூணாவது வாரம் நிமோனியா. காரணம், நாங்க அன்பா ஊட்டின கஞ்சியும் ரசம் சாதமும்.

"பல்லு இல்ல, முழுங்க சிரமம், அதனால தண்ணியா குடு." நம்ம ஊர்ல எல்லா வீட்டுலயும் இதுதான் சட்டம். இது பாதி தப்புங்கறதுதான் என் கட்சி.

ஏன்னு சொல்றேன். நாம முழுங்கும்போது ஒரு வினாடி மூச்சு நின்னு மூச்சுக்குழாய் மூடிக்கும். வயசானா இந்த வேலை தாமதமாகும், பக்கவாதம் வந்தா இன்னும் தாமதம். கெட்டியான உணவு மெதுவா நகரும், அதனால கதவு மூட நேரம் கிடைக்கும். தண்ணி அப்படி இல்ல. கதவு மூடறதுக்குள்ள உள்ள போயிடும். ரசம் சாதம் அதைவிட மோசம். வாய் சோத்தை மென்னுக்கிட்டு இருக்கும்போதே ரசம் தனியா பின்னாடி ஓடிடும்.

"புரையேறினா இருமுவாங்களே, தெரியாதா?"ன்னு அத்தை கேட்டாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். தொண்டையில உணர்ச்சி குறைஞ்சவங்களுக்கு இருமலே வராதாம். அப்பத்தா ஒருநாளும் பெருசா இருமல. ஆனா கஞ்சி குடிச்சதும் குரல் தண்ணிக்குள்ள இருந்து பேசற மாதிரி களகளன்னு இருக்கும். ஒரு கிண்ணம் முடிய முக்கால் மணி நேரம் ஆகும். சாயங்காலம் லேசா காய்ச்சல் வரும். மூணும் கண்ணு முன்னாடி இருந்தும் எங்களுக்குப் புரியல.

ஆஸ்பத்திரியில ஸ்பீச் தெரபிஸ்ட் வந்து பார்த்தாங்க (பேச்சுக்கு மட்டும்தான்னு நினைச்சேன், முழுங்கறதும் அவங்க துறைதானாம்). குடிக்கிறது எல்லாம் லெவல் 2, சாப்பாடு லெவல் 5ன்னு எழுதிக் குடுத்தாங்க. இது ஐடிடிஎஸ்ஐன்னு ஒரு சர்வதேச அளவுகோல். 0 சாதா தண்ணி, 7 சாதாரண சாப்பாடு.

நம்ம மண்டைக்குப் பிடிச்சது இதுல இருக்கிற டெஸ்டிங்தான். ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்ச் எடுத்து, அழுத்துற தண்டை உருவிடணும். முனையை விரலால மூடி 10 வரைக்கும் கஞ்சி ஊத்தி, விரலை எடுத்து 10 வினாடி விட்டு மறுபடி மூடணும். உள்ள 4ல இருந்து 8 மி.லி. வரைக்கும் மிச்சம் இருந்தா லெவல் 2. லெவல் 5 சாப்பாட்டுக்கு முள்கரண்டி போதும். கட்டி எதுவும் அதோட பல் இடுக்கைவிட, அதாவது சுமார் 4 மி.மீ.யைவிடப் பெருசா இருக்கக் கூடாது, தண்ணி தனியா பிரியக் கூடாது. இட்லியைக் கெட்டி சாம்பார்ல நல்லா மசிச்சா பாஸ். நீர்மோர் சாதம் ஃபெயில்.

அத்தையோட பழைய கஞ்சியில சிரிஞ்ச் காலி. கெட்டியாக் காய்ச்சினதும் 6 மி.லி. நின்னுச்சு. பாஸ்! ஆனா ஊட்டி முடிக்கும்போது கிண்ணத்துல மிச்சம் இருந்ததை அளந்தா 2 மி.லி.தான். பக் எங்கன்னு தேடினா, ஸ்பூன்! வாய்க்குப் போன ஸ்பூன் திரும்பத் திரும்ப கிண்ணத்துக்கு வருது. எச்சில்ல இருக்கிற அமைலேஸ் கஞ்சி மாவை உடைச்சு நீர்க்க வைக்குது. இப்ப சின்ன கிண்ணத்துல கொஞ்சம் கொஞ்சமா ஊத்திதான் ஊட்டறோம்.

இதோட முடிஞ்சா நல்லாத்தான் இருந்திருக்கும். பத்தாவது நாள் அப்பத்தா, "ஏண்டா, இந்தப் பசையைக் குடிச்சா தாகம் அடங்குமா? ஒரு வாய் தண்ணி குடுக்க மாட்டியா?"ன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் இல்ல. மலச்சிக்கல் வேற, சிறுநீரும் மஞ்சளாயிருச்சு. அப்புறம்தான் தேடிப் படிச்சேன். 2008ல் அமெரிக்காவுல வெளியான ஆய்வு. மறதி நோய், பார்க்கின்சன் உள்ள 515 பேர்ல, கெட்டியாக்கிக் குடிச்சவங்களுக்கும் தாடையைத் தாழ்த்தி சாதா பானம் குடிச்சவங்களுக்கும் மூணு மாசத்துல நிமோனியா கிட்டத்தட்ட ஒரே அளவுதான். நீர்ச்சத்து குறைஞ்சது கெட்டியாக் குடிச்சவங்களுக்கு அதிகம்.

இதைப் படிச்சுட்டு நானா தண்ணி குடுத்துடல, தெரபிஸ்ட்கிட்ட கேட்டேன். மறுபடி சோதிச்சுப் பார்த்துட்டு, சாப்பாட்டு நேரம் தவிர, பல்லும் நாக்கும் சுத்தமா தேய்ச்ச பிறகு, நிமிர்ந்து உக்கார வச்சு, சின்ன வாயா சாதா தண்ணி குடுக்கலாம்னாங்க. வாய் சுத்தம் ஏன்னா, நுரையீரலைக் கெடுக்கறது தண்ணியைவிட அதோட போற வாய்க்கிருமிதான்.

அதனால என் கருத்து இதுதான். "தண்ணியா குடு"ன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்றதும் தப்பு, கடையில பவுடர் வாங்கி எல்லாத்தையும் களியாக்கறதும் தப்பு. பதம்ங்கறது மருந்துச்சீட்டு மாதிரி. ஆள் பார்த்து எழுதணும், அப்பப்ப மாத்தணும்.

நேத்து அப்பத்தா ரெண்டு வாய் தண்ணி குடிச்சுட்டு "இதுதாண்டா ருசி"ன்னாங்க. குரல் களகளன்னு இருக்கான்னு காதை வச்சுக் கேட்டேன். இல்ல.

டிஸ்கி: சாப்பிட்ட உடனே படுக்க வைக்காதீங்க. அரை மணி நேரமாவது உக்கார்ந்திருக்கட்டும்.