பைப்பின் மேல் எழுதியிருப்பது

கம்பம், சின்னமனூர், தேவாரம், எந்த ஊர்க் கடையிலும் பைப் கேட்கிறவர்கள் இரண்டே சொல்லில் கேட்டுவிடுவார்கள்: "அண்ணே, மூணு இஞ்சு, ஆறு கிலோ." கடைக்காரரும் அதே கணக்கில் எடுத்துப் போடுவார். வண்டியில் ஏற்றும்போது பைப்பின் முதுகில் அச்சடித்திருக்கும் வரியை யாரும் படிப்பதில்லை. ஆற்றோரக் கிணற்றிலிருந்து மேற்கே மேட்டுத் தோட்டம் வரை கிலோமீட்டர் கணக்கில் லைன் இழுக்கும் நம் பள்ளத்தாக்கில், அந்த ஒரு வரியைப் படிக்காததற்குக் கொடுக்கும் விலை பெரிது.

பாசனத்துக்கு நாம் வாங்கும் சாம்பல் நிற பி.வி.சி. பைப்பில் வரி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
IS 4985   90 mm   CLASS 3   0.6 MPa
```

கூடவே கம்பெனி பெயர், லாட் எண், ஐ.எஸ்.ஐ. முத்திரை, அதன் கீழே உரிம எண். இந்த வரி 3 மீட்டருக்கு ஒருமுறையாவது திரும்ப வர வேண்டும். 20 அடி லென்த்தில் ஓர் இடத்தில் அழிந்திருந்தாலும் இன்னோர் இடத்தில் படித்துவிடலாம்.

முதலில் அளவு. கடையில் மூணு இஞ்சு என்பது பைப்பில் 90 மி.மீ. அது வெளி விட்டம். தண்ணீர் ஓடும் உள் விட்டம் அல்ல. ஒரு நூலைச் சுற்றிப் பார்த்தால் 28.3 செ.மீ. வரும். கிளாஸ் எதுவானாலும் வெளி விட்டம் மாறாது, சுவர் உள்பக்கமாகத்தான் தடிக்கும். அதனால்தான் கிளாஸ் 3 பைப்பையும் கிளாஸ் 4 பைப்பையும் ஒரே சாக்கெட்டில் சேர்க்க முடிகிறது. மெல்லிய பைப்பையும் தடித்த பைப்பையும் வெளியே பார்த்துப் பிரிக்க முடியாமல் போவதும் அதனால்தான். ஜி.ஐ. குழாயில் மூணு இஞ்சு என்பது உள்துளையை ஒட்டி வைத்த பெயர். அதன் வெளி விட்டம் 88.9 மி.மீ. ஒரே பெயரில் இருந்தாலும் இரண்டும் நேரடியாகப் பொருந்தாது, இடையில் அடாப்டர் வேண்டும்.

அடுத்தது கிளாஸ். இதுதான் சுவரின் தடிமனையும் தாங்கும் அழுத்தத்தையும் சேர்த்துச் சொல்கிறது. கிளாஸ் 2 என்றால் 4 கிலோ, 3 என்றால் 6, 4 என்றால் 8, 5 என்றால் 10. கிலோ என்பது ஒரு சதுர செ.மீ. மேல் விழும் அழுத்தம். 0.6 என்று போட்டிருப்பதைப் பார்த்து "அரைக் கிலோதான் தாங்குமா?" என்று பயப்பட வேண்டாம், பத்தால் பெருக்கினால் கிலோ வந்துவிடும். 90 மி.மீ. பைப்பில் கிளாஸ் 2-க்குச் சுவர் குறைந்தது 2.1 மி.மீ., கிளாஸ் 3-க்கு 3.1, கிளாஸ் 4-க்கு 4.0 இருக்க வேண்டும். வெட்டிய முனையில் காலிப்பர் வைத்து நாலு பக்கமும் அளந்து பாருங்கள். வெடிப்பு மெலிந்த பக்கத்தில்தான் தொடங்கும் என்பதால், நான்கில் குறைந்த அளவே கணக்கு.

இப்போது ஒரு தோட்டத்துக் கணக்கு. கிணற்று மேட்டிலிருந்து தோட்டத் தொட்டி 40 மீட்டர் உயரம், லைன் நீளம் 1,200 மீட்டர், சீரான ஏற்றம். 90 மி.மீ. கிளாஸ் 3 பைப்பில் நொடிக்கு 5 லிட்டர் தண்ணீர் போகிறது. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோ என்பதால் உயரத்துக்கு மட்டும் 4 கிலோ. பைப்பின் உள்சுவரில் உரசிப் போவதற்கு நூறு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் இழப்பு, மொத்தம் 12 மீட்டர், அதாவது 1.2 கிலோ. கூட்டினால் 5.2. "ஆறு கிலோ பைப் தாங்கும்" என்று கடையில் சொல்வது இந்தக் கணக்கோடு நின்றுவிடுகிறது.

விட்டுப்போவது கரண்ட் போகும் நொடி. அந்த லைனில் தண்ணீர் நொடிக்கு 0.9 மீட்டர் வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது. மோட்டார் நின்றதும் அது தயங்கித் திரும்பி வந்து, மூடிய நான்-ரிட்டர்ன் வால்வில் மோதுகிறது. இந்த அளவு பி.வி.சி. பைப்பில் அந்த மோதல் மட்டும் 3 கிலோவை நெருங்கலாம். நிலையாக நிற்கும் 4 கிலோவோடு சேர்ந்தால் 7 கிலோ. எழுதியிருப்பதோ 6. ஒரே நாளில் வெடித்துவிடாது. ஆனால் கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் இந்த அடி ஒவ்வொரு முறையும் விழுகிறது, பி.வி.சி. அதைத் தாங்கித் தாங்கிக் களைக்கிறது.

வெடித்த இடத்தைப் பார்த்தே காரணத்தைக் கண்டுபிடிக்கலாம். பைப்பின் நீளவாக்கில் கத்தியால் கீறியதுபோல் பிளந்திருந்தால், அது அழுத்தம் தாங்காத பிளவு. உள்ளிருக்கும் அழுத்தம் பைப்பை நீளவாக்கில் இழுப்பதைப்போல இரு மடங்கு சுற்றுவாக்கில் இழுக்கும். அதனால்தான் பிளவு நீளமாக ஓடுகிறது. சாக்கெட் கழன்று வந்திருந்தால் அது சொலுஷன் சரியாகப் பிடிக்காத குறை, பைப்பின் மேல் பழி போட வேண்டாம். பிளவுகள் மோட்டார் பக்கத்திலேயே திரும்பத் திரும்ப வந்தால் கிளாஸ் போதவில்லை என்று முடிவு கட்டலாம், ஏனென்றால் அழுத்தம் அதிகம் இருப்பது அடிவாரத்தில்தான்.

லோயர் கேம்ப்பில் மலையிலிருந்து மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களைக் குமுளி ரோட்டில் போகும் எல்லோரும் பார்த்திருப்போம். அப்படிப்பட்ட குழாய்களில் கீழே வர வர இரும்புத் தகட்டைத் தடிமனாக வைப்பதுதான் முறை. நம் தோட்ட லைனுக்கும் அதே நியாயம். மேலே சொன்ன கணக்கில் கீழ்ப் பாதி 600 மீட்டருக்குக் கிளாஸ் 4 போட்டு, மேல் பாதிக்குக் கிளாஸ் 3 போட்டால் போதும். நடுவழியில் மேலே நிற்கும் தண்ணீர் 20 மீட்டர்தான். மோதலையும் சேர்த்து 5 கிலோ, கிளாஸ் 3 தாங்கும். கிளாஸ் 4-இல் கால் பங்குக்கு மேல் பிளாஸ்டிக் கூடுதல், விலையும் அதற்கேற்பத்தான் கூடும். முழு நீளத்துக்கும் அந்தக் காசைப் போடத் தேவையில்லை. ஒரே கிளாஸை லைன் முழுக்க இழுக்கும் பழக்கம் கீழே ஆபத்து, மேலே வீண்செலவு.

எழுதியிருக்கும் கிலோ 27 டிகிரி வெப்பத்துக்கானது. சித்திரை வெயிலில் தரைமேல் கிடக்கும் பைப்புக்கு அந்தத் தாங்கும் சக்தி கணிசமாகக் குறையும். லைனைப் புதைக்கச் சொல்வது மாட்டு வண்டியும் டிராக்டரும் ஏறிவிடும் என்பதற்காக மட்டுமல்ல.

நிற விஷயத்தில் பலர் குழம்புகிறார்கள். ஜி.ஐ. குழாயில் மஞ்சள் பட்டை லேசானது, நீலம் நடுத்தரம், சிவப்பு கனமானது. பி.வி.சி. தரத்தில் சிவப்பு எழுத்து கிளாஸ் 1, எல்லாவற்றிலும் மெல்லியது. நீலம் 2, பச்சை 3, பழுப்பு 4, மஞ்சள் 5. ஜி.ஐ. பழகிய கை சிவப்பைப் பார்த்துக் கனமானது என்று எடுத்தால் இரண்டரைக் கிலோ பைப் வந்து சேரும். ஆகவே நிறத்தை நம்பாமல் கிளாஸ் எண்ணைப் படியுங்கள்.

எண்ணும் இல்லாமல் வெறும் "6 கிலோ" என்று மட்டும் அச்சடித்த பைப்பும் சந்தையில் உண்டு. ஐ.எஸ். எண்ணும் உரிம எண்ணும் இல்லாவிட்டால் அந்த 6 யாருடைய வாக்குறுதியும் அல்ல. உரிம எண் இருந்தால், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைப் போட்டு, எந்தக் கம்பெனிக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம். பைப்பில் இருக்கும் கம்பெனி பெயரும் செயலி காட்டும் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் வண்டியில் ஏற்ற வேண்டாம்.

வெடித்த லைனை ஒட்டுப்போடும்போது நாலடித் துண்டைக் கிளாஸ் 5-இல் வைப்பவர்கள் உண்டு. துண்டு தாங்கும்; பக்கத்தில் இருக்கும் பழைய பைப் அதே கிளாஸ் 3 தான், அடுத்த பிளவு அங்கே வரும். புதிதாகப் பதிக்கிறவர்கள் எழுத்து மேல்பக்கம் பார்க்கும்படி வைத்து மண் தள்ளச் சொல்லுங்கள். பின்னால் தோண்டிப் பழுது பார்க்க வருகிறவர், எந்தப் பைப் கிடக்கிறது என்று மண்ணைத் துடைத்ததும் படித்துக்கொள்வார்.